ஒரு காயின், 5 லட்சம் டாலர் வால்யூம்: கேள்வி பதில்

இந்தக் கிரிப்டோ காயினில் ஒரே நாளில் 5 லட்சம் டாலர் வால்யூம். இத்தனை பேர் வாங்குவது பொய்யாக இருக்குமா?

எத்தனை பேர் என்பதை வால்யூம் சொல்லாது, எவ்வளவு கைமாறியது என்பதை மட்டும்தான் சொல்லும். ஒரே ஆள் இரண்டு வாலட் வைத்துக்கொண்டு 1,000 டாலர் வியாபாரத்தைத் தனக்குள்ளேயே 500 முறை செய்தால் 5 லட்சம் வந்துவிடும். இதுதான் வாஷ் டிரேடிங். காயினை வாங்கி விற்க டாலரும் காயினும் போட்டு வைத்திருக்கும் பூலில் இருப்பது வெறும் 10,000 டாலர், வால்யூம் மட்டும் அதைப்போல 50 மடங்கு என்றால் நான் அங்கேயே நின்றுவிடுவேன்.

கட்டணத்திலேயே அவர்களுக்கு நஷ்டம் வராதா?

0.3% கட்டணம் என்றால் 1,500 டாலர். பூலில் பணம் போட்டதும் அவரே என்றால், அதில் பெரும்பகுதி அவரிடமே திரும்பிவிடும். இதைக் கூலிக்குச் செய்து தரும் நிறுவனங்களும் உண்டு. அவர்களைப் பிடிக்க அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. நெக்ஸ்ஃபண்ட்ஏஐ என்று தானே ஒரு காயினை உருவாக்கியது. 2024 அக்டோபரில் வழக்குகள் வெளிவந்தன.

டெலிகிராம் குழுவில் எல்லோரும் சேர்ந்து வாங்கி விலையை ஏற்றலாம் என்ற பம்ப் அறிவிப்பு வந்த பத்தே நொடியில் வாங்கினேன். அப்படியும் நஷ்டம். என் நெட் மெதுவோ?

நெட் மேல் தப்பில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள், கட்டணத்தை விட்டுவிடுவோம். பூலில் 10,000 டாலர், 10 லட்சம் காயின். விலை 1 சென்ட். யார் வாங்கினாலும் விற்றாலும் பூலின் டாலரையும் காயினையும் பெருக்கி வரும் எண் மாறாது. குழு நடத்துபவர் கையில் ஏற்கெனவே 5 லட்சம் காயின். நீங்கள் எல்லோரும் சேர்ந்து 10,000 டாலர் போட்டதும் 5 லட்சம் காயின் உங்களிடம் வருகிறது, விலை 4 சென்ட் ஆகிறது. சராசரியாக நீங்கள் கொடுத்தது 2 சென்ட், லாபம்போலத் தெரியும். அந்த நேரத்தில் அவர் தன் 5 லட்சத்தையும் விற்கிறார். உங்கள் 10,000 டாலர் அப்படியே அவருக்குப் போகிறது, விலை மறுபடி 1 சென்ட். அப்புறம் நீங்கள் எல்லோரும் விற்றால் மொத்தமாகக் கிடைப்பது சுமார் 3,333 டாலர்தான். உங்களில் முதலில் வாங்கி அவருக்கு முன்பே விற்ற ஓரிருவர் தப்பித்திருப்பார்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்தான் அடுத்த அறிவிப்புக்கு விளம்பரம்.

நான் ஹோல்டர் எண்ணிக்கையைத்தான் பார்ப்பேன். ஆயிரக்கணக்கில் இருந்தால் பயமில்லை.

பாதி சரி. ஆனால் வாலட் திறக்கக் காசு தேவையில்லை, ஆயிரம் வாலட்டுக்குத் துளித்துளியாகக் காயின் அனுப்பி எண்ணிக்கையை ஏற்றிவிடலாம். பெரிய ஹோல்டர் இருபது பேரை எல்லாப் பரிமாற்றங்களையும் காட்டும் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் திறந்து, அவர்களுக்குப் பரிமாற்றக் கட்டணமான கேஸுக்கு முதல் பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். எல்லாம் ஒரே தனி வாலட்டிலிருந்து என்றால் ஒரே கை. அது எக்ஸ்சேஞ்ச் வாலட் என்றால் அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, அங்கிருந்துதான் ஊரே பணம் எடுக்கிறது.

சீரான இடைவெளியில் வாங்கல் விற்றல் நடந்தால் மோசடி என்று சொல்லலாமா?

சந்தேகப்படலாம். மனிதர்கள் 50, 100 என்று முழுத்தொகையாக வாங்குவார்கள், இரவும் பகலும் ஒரே வேகத்தில் வாங்கமாட்டார்கள். ஆனால் ஒழுங்காக நடக்கும் மார்க்கெட் மேக்கர், அதாவது எப்போதும் வாங்கவும் விற்கவும் தயாராக நிற்பவர், ஓட்டும் தானியங்கி நிரலும் இப்படியே தெரியும். இரண்டையும் வெளியிலிருந்து உறுதியாகப் பிரிக்க எனக்கு இன்னும் வழி கிடைக்கவில்லை.