வரி ஏன் கட்டாயம்? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

மாதச் சம்பளக்காரன் நான். என் பிள்ளைகள் தனியார் பள்ளியில் படிக்கிறார்கள், மருத்துவத்துக்குக் காப்பீடு வைத்திருக்கிறேன், தண்ணீர்கூட லாரியில்தான் வாங்குகிறேன். அப்படியிருக்க என்னிடம் ஏன் கட்டாயப்படுத்தி வரி பிடிக்க வேண்டும்? நம் முன்னோர்கள் வரி, சட்டம் எதுவும் இல்லாமல் குடிமராமத்து செய்து ஏரிகளைக் காக்கவில்லையா? எங்கள் அடுக்ககத்திலும் எல்லாரும் தாமாகத்தான் பராமரிப்புப் பணம் கொடுக்கிறோம். விருப்பமுள்ளவர்கள் கொடுத்தால் போதாதா?

ர.
கோவை

அன்புள்ள தம்பி,

பள்ளி, மருத்துவம் பற்றிய உங்கள் கேள்விகளை ஒதுக்கி வைக்கிறேன். அவற்றுக்கு அரசு செலவிடுவதற்கான நியாயம் வேறு. தவிர, வருமான வரி கட்டுபவர்தான் நாட்டைச் சுமக்கிறார் என்ற தொனி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. சோப்பு வாங்குகிற கூலித் தொழிலாளியும் ஜிஎஸ்டி கட்டுகிறார். அதை மறக்க வேண்டாம்.

என்னை எழுத வைத்தது உங்கள் குடிமராமத்து. சில மாதங்களாக அப்பாவின் ஒரு பழைய நோட்டுப் புத்தகம் என் மேசையில் கிடக்கிறது.

எழுபதுகளின் கடைசி. எங்கள் ஊர் ஏரித் தண்ணீர் பாய்கிற நிலம், அதாவது ஆயக்கட்டு, 160 ஏக்கர். கரையின் வெளிப்பக்க அடியில், நண்டு வளையும் எலி வளையும் இருந்த இடத்தில், ஊற்று எடுக்க ஆரம்பித்திருந்தது. ஏரிக்கரை பார்த்தவர்களுக்குத் தெரியும், கசிகிற தண்ணீர் தெளிவாக இருந்தால் கவனித்தால் போதும். கலங்கி வந்தால் உள்ளே மண் அரித்துக்கொண்டு போகிறது என்று பொருள். அந்த வருடம் ஆடியிலேயே கலங்கி வந்தது. தண்ணீர் இறங்கியதும் கரையை வெட்டி, களிமண் போட்டு இறுக்கிக் கட்ட ஏக்கருக்கு 30 ரூபாய் என்று பேசினார்கள். இரண்டு ஏக்கர்காரருக்கு 60 ரூபாய், அன்றைக்கு ஏறக்குறைய ஒரு மூட்டை நெல். கரை உடைந்தால் அதே ஆள் இழக்கப்போவது 30 மூட்டை. இதைவிடத் தெளிவான கணக்கு உண்டா?

அப்பா நோட்டுப் புத்தகத்தோடு வீடு வீடாகப் போனார். முதல் வாரம் நாற்பது வீடு கொடுத்தது. அப்புறம் ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைக் கேட்க ஆரம்பித்தார்கள்: "மேலத்தெருக்காரர் கொடுத்தாரா?" அவர் ஆறு ஏக்கர்காரர். கிணறும் பம்புசெட்டும் உண்டு, மடைத் தண்ணீர் அவருக்கு வேண்டாம். ஆனால் அந்தக் கிணறு ஊறுவது ஏரி நிரம்புவதால். அவர் வயலும் கரைக்குக் கீழேதான். அவர் கொடுக்கவில்லை.

அவரைக் கெட்டவர் என்று சொல்லிவிட்டால் விஷயம் புரியாமல் போய்விடும். அவர் இடத்தில் நின்று பாருங்கள். மற்றவர்கள் பணம் போட்டுக் கரையைக் கட்டிவிட்டால், அவர் கொடுக்காவிட்டாலும் அவர் வயல் பிழைக்கும், கிணறு ஊறும். மற்றவர்கள் கட்டாவிட்டால், அவருடைய 180 ரூபாயை வைத்துக் கரை எழும்பாது, பணம்தான் போகும். எப்படிப் பார்த்தாலும் கொடுக்காமல் இருப்பதே அவருக்கு லாபம். இது அவர் ஒருவருக்கு மட்டுமல்ல, ஒவ்வொருவருக்கும் பொருந்துகிற கணக்கு. எல்லாரும் சரியாகக் கணக்குப் போட்டு எல்லாரும் நட்டப்படுகிற இடம் இது.

ஏன் இங்கே மட்டும் இப்படி? மடையை எடுத்துக்கொள்ளுங்கள். பங்கு கொடுக்காதவனுக்கு மடையை அடைக்கலாம். ஊரின் நீர்பாய்ச்சி ஆள் முறைவைத்துத் திறப்பான், முறை இல்லாதவன் காத்திருப்பான். ஒருவன் பாய்ச்சிய தண்ணீர் இன்னொருவனுக்குக் கிடைக்காது. கரை தரும் காவல் அப்படிப்பட்டதல்ல. கொடுத்தவன் வயலைக் காத்து, கொடுக்காதவன் வயலை மட்டும் மூழ்கடிக்கக் கரையிடம் சொல்ல முடியாது. ஒருவனைக் காப்பதால் இன்னொருவனுக்கு அந்தக் காவல் குறைந்தும் போகாது. இந்த இரண்டு குணமும் சேர்ந்ததைத்தான் பொருளியலில் பொதுப்பண்டம் என்கிறார்கள். சந்தை கைவிடும் இடம் இதுதான். காசு கொடுக்காதவனை விலக்க முடியாத பொருளை எந்த வியாபாரி விற்பான்?

ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் ஹியூம் 1740இலேயே இதைச் சொன்னார். இரண்டு பக்கத்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு புல்வெளியின் தண்ணீரை வடித்துவிடுவார்கள், ஒருவன் பின்வாங்கினால் வேலை நின்றுவிடும் என்று இருவருக்கும் தெரியும். ஆயிரம் பேர் சேர்ந்தால் நடக்காது, ஒவ்வொருவனும் சுமையை அடுத்தவன் தோளில் ஏற்றப் பார்ப்பான் என்றார்.

அப்பா மூன்று வாரம் அலைந்துவிட்டு, வாங்கிய பணத்தை அந்த நாற்பது வீட்டுக்கும் திருப்பிக் கொடுத்தார். நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே "திரும்பியது" என்று எழுதியிருக்கிறார். ஐப்பசி மழையில் ஓர் இரவு கரை உடைந்தது. மண்மூட்டை போட ஆள் ஓடியது, பயனில்லை. கொடுத்தவர் நடவும் போனது, கொடுக்காதவர் நடவும் போனது.

இப்போது உங்கள் முன்னோர்களுக்கு வருகிறேன். யார் சொன்னது உங்களுக்கு, அது விருப்பப்பட்டுச் செய்த வேலை என்று? சோழர் கல்வெட்டுகளில் திரும்பத் திரும்ப வரும் 'வெட்டி' கூலியில்லாத கட்டாய உழைப்பு. 1858இல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். வழக்கப்படி ஏரி வேலைக்கு வர வேண்டியவர் காரணமில்லாமல் வராவிட்டால், அவர் தர வேண்டிய உழைப்பின் மதிப்பைப்போல் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். எல்லாரும் தாமாக வந்திருந்தால் இப்படி ஒரு பிரிவு எதற்கு? அந்தப் பழைய முறையில் மண் சுமந்தவர்களில் பலருக்கு ஒரு சென்ட் நிலமும் கிடையாது. விளைச்சல் ஒருவருக்கு, சுமை இன்னொருவருக்கு. அதை நினைத்துப் பெருமைப்படுவதற்கு முன் கொஞ்சம் படியுங்கள், தம்பி. சட்டம் போட்டு, கணக்கு வைத்து, பணமாக வாங்கும் வரி அதைவிட எவ்வளவோ மேல்.

உடைப்புக்கு அடுத்த தையில் ஊர் கூடியது. மடையை அடைப்போம் என்றால் மேலத்தெருக்காரருக்குக் கவலையில்லை. அதனால் கரைப் பணத்தைக் கோயில் திருவிழாவின் தலைக்கட்டு வரியோடு சேர்த்துவிட்டார்கள். கரைப் பணம் கட்டாதவரிடம் திருவிழா வரி வாங்க மாட்டார்கள், அவருக்குக் கோயில் மரியாதையும் கிடையாது. அறிவித்த மறுநாள் காலையில் அவரே அப்பாவிடம் வந்து 180 ரூபாயை எண்ணி வைத்தார். "எல்லாரும் கொடுக்கிறதா இருந்தா எனக்கென்ன," என்றார். அப்பா ஒன்றும் பேசவில்லை, பெயரை எழுதிக்கொண்டார்.

அந்த ஒரு வாக்கியத்தை நாற்பது வருடத்துக்கும் மேலாக யோசிக்கிறேன். கட்டாயம் என்றால் கொடுக்க மனமில்லாதவன் கழுத்தைப் பிடிப்பது என்று நினைக்கிறீர்கள். கொடுக்க மனமுள்ளவனுக்குத்தான் அது அதிகம் தேவைப்படுகிறது. முதலில் கொடுத்த அந்த நாற்பது வீட்டுக்காரர்கள் ஏமாளியாகிவிடாமல் காப்பது அதுதான். மற்றவர்களும் கொடுப்பார்கள் என்ற உறுதி இல்லாவிட்டால் நல்லவன்கூடக் கையை மடக்கிக்கொள்வான்.

ஊர்க் கட்டுப்பாடு செல்லுபடியானதற்குக் காரணம், 112 குடும்பமும் ஒருவரையொருவர் முகம் பார்த்து வாழ்ந்தது. கோவை போன்ற நகரத்தில் கொசு மருந்துக்கும் மழைநீர் வடிகாலுக்கும் எந்தக் கோயில் மரியாதையை நிறுத்துவீர்கள்? உங்களுக்கு இதனால் எவ்வளவு நன்மை என்று கேட்டு அதற்கேற்ப வாங்கலாம் என்றாலும் நடக்காது. நன்மையைக் கூட்டிச் சொன்னால் வரி கூடும் என்று தெரிந்தால் யார் உண்மையைச் சொல்வார்? எனக்குக் கொசுவே கடிப்பதில்லை என்பார்கள்.

எவ்வளவு வரி, யாரிடம் எவ்வளவு, அந்தப் பணத்தில் எவ்வளவு திருட்டு என்பதற்கெல்லாம் இந்த வாதம் பதில் சொல்லாது. அதற்காக நீங்கள் சண்டை போட்டால் நானும் கூட வருகிறேன்.

உங்கள் அடுக்ககம் விஷயம். பாக்கி வைத்தவரிடம் எப்படி வசூலிக்கிறார்கள் என்று சங்கச் செயலாளரிடம் கேளுங்கள், தாமாகவா என்பது தெரியும். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் தெரு முழுக்க மழைநீர் வடிகால் தூர்வார வீட்டுக்கு 500 ரூபாய் என்று நீங்களே நோட்டுப் புத்தகத்தோடு கிளம்புங்கள். எத்தனை வீடு கொடுத்தது, எத்தனை வீட்டில் பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிக் கேட்டார்கள் என்று எனக்கு எழுதுங்கள்.