வெடிக்காமல் நிற்கும் ஒரு குழி: முதலாளி அவசரப்படுத்தினால் என்ன செய்வது?

கேள்வி: "ஐயா, தர்மபுரிக்காரன் நான். பெங்களூருவில் ஆனேக்கல் பக்கம் ஒரு கல்குவாரியில் வெடி வைக்கிற பிளாஸ்டர் சர்டிபிகேட்டோடு வேலை பார்க்கிறேன். 12 குழி போட்டோம், மின்கம்பி இல்லாத நானல் டியூப்தான். வெடித்தபின் போய்ப் பார்த்தால் ஓரத்துக் குழியின் டியூப் வாலோடு அப்படியே நிற்கிறது. 'அஞ்சு நிமிஷம் ஆயிடுச்சுல்ல, ஹிட்டாச்சிய உள்ள விடு' என்கிறார் முதலாளி. 350 மீட்டரில் ஊர் இருக்கிறது. என்ன செய்யட்டும்?"

பதில்: ஹிட்டாச்சியை விடாதீர்கள். ஆள் யாரும் போகாதபடி வேலி கட்டி, ஒருவரைக் காவலுக்கு நிறுத்துங்கள். வேலை முடிந்ததற்கான சைரனையும் ஊத வேண்டாம். அந்தச் சைரன் உங்கள் கையில்தான் இருக்கிறது. இடத்தைப் பார்த்துத் திருப்தியானபின் பிளாஸ்டர் சொன்னால்தான் அது ஒலிக்க வேண்டும்.

உங்கள் முதலாளி சொல்லும் ஐந்து நிமிடக் கணக்கு மின்சாரத்தால் வெடிக்கும் டெட்டனேட்டருக்கானது. 1961 உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகள் மின்கம்பியைக் கழற்றியபின் ஐந்து நிமிடம் என்றும், மற்ற முறைகளுக்கு 30 நிமிடம் என்றும் பிரித்தே சொல்கின்றன. 2025 ஏப்ரல் முதல் மின் டெட்டனேட்டருக்கே தடை வந்துவிட்டது. உங்களுடையது நானல், ஆகவே முப்பது நிமிடம் காத்திருங்கள். மருந்து உள்ளே புகைந்து தாமதமாக வெடிப்பது அரிது. ஆனால் அப்படி வெடிக்கிற நேரத்தில் குழி வாயருகே நிற்பது பிளாஸ்டர்தான்.

பழைய மேஸ்திரிகள் சத்தத்தை எண்ணுவார்கள். திரி வைத்த காலத்தில் அது உதவியது. நானலில் குழிக்குக் குழி 25 மில்லிசெகண்ட் இடைவெளி வைத்தால் 12 குழியும் கால் வினாடிக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் முடிந்துவிடும். காதால் எண்ணவே முடியாது. அதனால் கண்ணால்தான் தேட வேண்டும். முகப்பில் உடையாமல் நிற்கிற பாறைத் திட்டு, குழி வாயில் அசையாமல் இருக்கிற மண் அடைப்பு, கற்குவியலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிற டியூப், சிதறிக் கிடக்கிற தோட்டா, இவைதான் அடையாளங்கள். எரிந்த டியூப் உட்புறம் கறுத்திருக்கும். எரியாதது பளிச்சென்று இருக்கும். உங்கள் ஓரத்துக் குழிக்குப் பெரும்பாலும் நடந்திருப்பது, பக்கத்துக் குழி முதலில் வெடித்துப் பறந்த கல் மேல்டியூபை அறுத்துவிட்டது என்பதுதான். கீழே மருந்தும் டெட்டனேட்டரும் முழுசாக இருக்கும். ஹிட்டாச்சியின் பக்கெட் பல் அதன் மேல் பட்டால் என்ன ஆகும் என்று முதலாளியிடமே கேளுங்கள்.

அரை மணி கழித்து நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். டியூபை இழுக்காதீர்கள், முறுக்காதீர்கள். குழியிலிருந்து மருந்தைத் தோண்டி எடுக்கும் பேச்சே கிடையாது. மேலே தெரியும் டியூப் சேதமின்றி இருந்தால் புது ஸ்டார்ட்டர் இணைத்து மறுபடி வெடிக்கலாம். டியூப் குழிவாய்க்குள்ளேயே அறுந்திருந்தால் இரண்டு வழி உண்டு. தண்ணீரையோ காற்றையோ அழுத்தமாகச் செலுத்தி மண் அடைப்பை மட்டும் கழுவி எடுத்துவிட்டு, மேலே புது டெட்டனேட்டர் உள்ள தோட்டாவை வைத்து வெடிப்பது ஒன்று. பக்கத்தில் புதிதாக ஒரு குழி போட்டு வெடிப்பது இன்னொன்று. அந்தப் புதுக்குழி பழைய குழிக்கு இணையாக, எந்த இடத்திலும் 30 சென்டிமீட்டருக்குக் கிட்டே வராமல் இருக்க வேண்டும். இது ஜாக்ஹாமரில் போடும் 32 மில்லிமீட்டர்க் குழிக்கான கணக்கு. பெரிய விட்டக் குழியென்றால் இடைவெளி மீட்டர்க் கணக்கில் போகும், இதே அளவை அங்கே எடுத்துப் போகாதீர்கள். கம்ப்ரசர்காரர் பழைய குழியின் சாய்வைப் பார்க்காமல் பழக்கத்தில் துளையிட்டால் அடியில் போய் முட்டிவிடுவார். அதனால் துளையிடும்போது நீங்களே பக்கத்தில் நின்று கோணத்தைச் சரிபாருங்கள்.

இதற்கு மேல்தான் பலர் கவனிக்காத ஆபத்து வருகிறது. 32 மில்லிமீட்டர்க் குழிக்கு முன்னால் ஏறக்குறைய ஒரு மீட்டர் பாறை இருக்கும், மருந்தின் அளவும் அதற்கேற்பத்தான் போட்டிருப்பீர்கள். ஒரு குழிக்கு 125 கிராம் தோட்டா நான்கு, அதாவது அரைக் கிலோ என்று வைத்துக்கொள்வோம். பக்கத்துக் குழிகள் வெடித்ததில் அந்த ஒரு மீட்டர்ப் பாறை உடைந்து, அங்கங்கே 40 சென்டிமீட்டர்தான் மிச்சமிருக்கலாம். அதே அரைக் கிலோ இப்போது பாதிக்கும் குறைவான பாறையைத் தள்ளப் போகிறது. மிச்ச சக்தி கல்லை எறிவதில்தான் போகும். இந்த ஒற்றைக் குழி முதல் வெடியின் 12 குழிகளை விடத் தூரமாகக் கல் வீச வாய்ப்பு அதிகம். புதுக்குழியில் வழக்கமான அளவு மருந்து வைத்தால் இரண்டும் சேர்ந்து வெடிக்கலாம். ஆகவே அதில் பாதியோ அதற்கும் குறைவோ வையுங்கள். குழிவாயில் மண் அடைப்பு நீளமாக இருக்கட்டும், மேலே கம்பிவலை போட்டு மணல் மூட்டை அடுக்குங்கள்.

உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது அந்த 350 மீட்டர் ஊர். அபாய வட்டத்தை 500 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஊர் அதற்குள் வருகிறது. குவாரிக்காரருக்குச் சொந்தமில்லாத நிரந்தரக் கட்டடம் வட்டத்துக்குள் இருந்தால், ஒரே நேரத்தில் வெடிக்கும் மொத்த மருந்து சுரங்கப் பாதுகாப்பு அதிகாரிகளின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் இரண்டு கிலோவைத் தாண்டக் கூடாது. 12 குழிக்கு அரைக் கிலோ வீதம் ஆறு கிலோ ஆகிறது. அந்த அனுமதிக் கடிதம் குவாரி அலுவலகத்தில் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள், அதில் போட்டிருக்கும் நிபந்தனைகளை நீங்களே படியுங்கள். இல்லையென்றால் நீங்கள் வைத்த வெடியே முறையற்றது.

பாக்கிக் குழியின் எடை இரண்டு கிலோவுக்குள் அடங்கும். அதற்காக எச்சரிக்கை குறையாது. முதல் வெடிச் சத்தம் கேட்டவுடன் "முடிஞ்சது" என்று மாடு மேய்ப்பவர்கள் திரும்பிவிடுவார்கள், பள்ளிப் பிள்ளைகளும் நடக்கத் தொடங்கிவிடுவார்கள். எனவே ஊருக்குள் ஆளை அனுப்பிக் கன்னடத்தில் சொல்லச் சொல்லுங்கள். உங்கள் வட இந்தியத் தொழிலாளர்களுக்கு இந்தியில் சொல்ல ஒருவர் வேண்டும். பொதுச் சாலை வட்டத்துக்குள் வந்தால் இரு பக்கமும் சிவப்புக் கொடியோடு ஆளை நிறுத்துங்கள். "வண்டி நின்றுவிட்டது" என்று இருவரும் கைகாட்டிய பிறகே மேனேஜர் குறித்த சைரனை முதலிலிருந்து ஊதுங்கள்.

வெடித்த பிறகும் கல்லை உடனே அள்ளாதீர்கள். பகல் வெளிச்சத்தில், உங்கள் கண் முன்னால், குவியலைக் கையால் கிளறித் தோட்டாவோ டெட்டனேட்டரோ கிடக்கிறதா பார்க்க வேண்டும். கிடைத்ததையும் மிச்ச மருந்தையும் கணக்கோடு மருந்துக் கிடங்குக்குத் திருப்புங்கள். யாரும் அதைப் புதரில் ஒளிக்கவோ, எங்காவது கொண்டுபோய் அழிக்கவோ கூடாது. 2021 பிப்ரவரியில் சிக்கபள்ளாப்பூர் மாவட்டம் ஹிரேநாகவல்லியில் அப்படி அழிக்கப்போன ஜெலட்டின் குச்சிகள் வெடித்து ஆறு பேர் இறந்தார்கள்.

அப்புறம் அந்த அவசரம் பற்றி. உடைகிற கல்லின் அளவுக்கேற்பக் கூலி வாங்குபவரைப் பிளாஸ்டராக நியமிக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. உங்களுக்கு லோடு கணக்கில் சம்பளம் என்றால் அதை மாத ஊதியமாக மாற்றக் கேளுங்கள். மாலைக்குள் குழியைச் சரிசெய்ய முடியாவிட்டால், எந்தக் குழி, எவ்வளவு ஆழம், என்ன சாய்வு, எவ்வளவு மருந்து என்பதைப் பதிவேட்டில் எழுதி, அடுத்த பிளாஸ்டருக்கு இடத்தைக் காட்டிக் கையெழுத்து வாங்கிவிட்டே கிளம்புங்கள். அவர் வரும்வரை வேலியும் காவலும் அங்கேயே இருக்கட்டும்.