சிலப்பதிகாரம்: மூலமா, எளிய உரைநடையா? கேள்வி பதில்

என் மகளுக்கு 14 வயது. மூலத்தைத்தான் படிப்பேன் என்று பிடிவாதமாகத் தொடங்கி மூன்றாவது காதையில் நின்றுவிட்டாள். எளிய உரைநடைக்கே மாற்றிவிடலாமா?

அரங்கேற்று காதைதானே? அங்கே நிற்காதவர்கள் குறைவு. மாதவியின் அரங்கேற்றத்தை வைத்து ஆடல், யாழ், குழல், மேடையின் அளவு என்று ஒரு கலை நூலே அதற்குள் இருக்கிறது. நான் இன்றும் உரையைப் பிடித்துக்கொண்டுதான் அதைக் கடக்கிறேன். ஆகவே குறை மகளிடம் இல்லை, தொடங்கிய இடத்தில் இருக்கிறது.

30 காதைகளின் கதையையும் ஒரு நல்ல உரைநடை நூலில் முதலில் படிக்கட்டும். பிறகு மூலத்தில் நேராக 20ஆவது காதைக்கு, வழக்குரை காதைக்கு வரட்டும். சிறிய காதை, பெரும்பகுதி பேச்சு. யார், எதற்காகப் பேசுகிறார்கள் என்று முன்பே தெரியும் என்பதால் பாதி அர்த்தம் தானாகவே பிடிபடும்.

எனக்கு 16 வயசு. கதை முழுக்கத் தெரியும். சிலம்பை உடைச்சா, மாணிக்கம் வந்துச்சு, ராஜா செத்துட்டார். இதுக்கு மேல மூலத்துல என்ன இருக்கு?

நல்ல கேள்வி தம்பி. ஓர் இடத்தை மட்டும் பார். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் ஆகாது என்று பாண்டியன் சொல்கிறான். கண்ணகி பதில் சொல்கிறாள்:

நற்றிறம் படராக் கொற்கை வேந்தே
என்காற் பொற்சிலம்பு மணியுடை அரியே

அரி என்றால் சிலம்புக்குள் கிடக்கும் பரல். "என் சிலம்பில் மாணிக்கப் பரல்" என்கிறாள், அது உனக்குத் தெரிந்ததுதான். அவள் அவனை எப்படி அழைக்கிறாள், பார்த்தாயா? மதுரையில் நின்றுகொண்டு "கொற்கை வேந்தே" என்கிறாள். கொற்கை பாண்டியரின் முத்துத் துறை. அடுத்து அரசன் வாயிலிருந்து வருவது: "யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே". முத்துக்குப் பேர்போன துறையின் அரசன் வீட்டுச் சிலம்பில் வேறு என்ன இருக்கும்? அவன் சொல்லப்போவதை அவள் முன்பே அந்த விளியில் வைத்துவிட்டாள் என்று நான் படிக்கிறேன். இளங்கோ அப்படி நினைத்தே வைத்தாரா என்று நீ சண்டை போடலாம். ஆனால் சண்டை போடவே மூலம் வேண்டும், ஏனென்றால் நான் பார்த்த சுருக்கங்களில் அந்த விளி வெறும் "அரசே" ஆகியிருந்தது.

சந்தி பிரித்த பதிப்பைக் கொடுக்கவே கூடாது. செய்யுள் கெட்டுப்போகும். நாங்கள் எல்லாம் அப்படியா படித்தோம்?

ஐயா, பாதி ஒப்புக்கொள்கிறேன். பிரித்துவிட்டால் சில அடிகளில் ஓசை தட்டும். ஆனால் பிரிக்காத பக்கத்தில் என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். ஒரு மாணவி "எள்ளறு சிறப்பி னிமையவர் வியப்ப" என்ற அடியைப் படித்துவிட்டு, "இனிமையானவர்கள் வியந்தார்களா?" என்று கேட்டாள். "சிறப்பின் இமையவர்" என்று பிரித்துக் காட்டியதும் தேவர்கள் வந்துவிட்டார்கள். சொல் அவளுக்குக் கடினமில்லை, அதன் எல்லைதான் தெரியவில்லை. முதல் முறை பிரித்ததைப் படிக்கட்டும். பொருள் பிடிபட்டபின் பிரிக்காததை வாய்விட்டுச் சொல்லட்டும். இரண்டாவதை விட்டுவிட்டால் உங்கள் கோபம் நியாயமானதே.

பையன் பொன்னியின் செல்வன் படிக்கிறான். ஐந்து பாகம் பெரிதாக இருக்கிறதே, சுருக்கப் பதிப்பு வாங்கட்டுமா?

இது வேறு கேள்வி அம்மா. கல்கி 1950களில் வார இதழில் தொடராக எழுதியது. அதன் தமிழ் ஏற்கெனவே எளிமையானது. அங்கே சுருக்கம் குறைப்பது நீளத்தைத்தான், கடினத்தை அல்ல. படித்துக்கொண்டிருக்கிறான் என்றால் விட்டுவிடுங்கள்.

கடையில் நான்கைந்து எளிய சிலப்பதிகாரம் இருக்கின்றன. நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

வழக்குரை காதையைத் திறந்து, "நீ யார்?" என்று அரசன் கேட்கும் இடத்தைப் பாருங்கள். மூலத்தில் கண்ணகி தன் பெயரைக் கடைசியில்தான் சொல்கிறாள். முதலில் ஊரைச் சொல்கிறாள்: புறாவின் துயர் தீர்த்தவனும், பசுவின் கண்ணீருக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவனும் ஆண்ட புகார். நீதி தவறிய அரசன் முன் நிற்பவள் அந்த இருவரையும் எதற்கு நினைவூட்டுகிறாள்? நூல் இந்தப் பதிலை வைத்திருந்தால் வாங்குங்கள். "நான் கோவலன் மனைவி கண்ணகி" என்று ஒரே வரியில் முடித்திருந்தால் வைத்துவிடுங்கள்.

அந்தப் பசு வரியிலேயே ஒரு விளையாட்டும் உண்டு. வாயிற் கடைமணி என்றால் வாசலில் கட்டிய மணி. ஆவின் கடைமணி என்றால் பசுவின் கடைக்கண். ஒரே சொல், ஒன்று ஒலிக்கிறது, மற்றது அழுகிறது. இதை உரைநடையில் கொண்டுவர முடியாது. அதற்காக உரைநடை ஆசிரியரைக் குறை சொல்லவும் மாட்டேன்.

என் மகள் தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். அவளுக்கும் மூலமா?

நீங்கள் படித்துக் காட்டி அவள் கேட்கலாம். வழக்குரை காதை காதுக்கு நன்றாகவே வரும். ஆனால் கேட்டே பழகினால் எழுத்தை நாடுவாளா என்ற கேள்வி எனக்கும் உண்டு. எனக்குத் தெரிந்த இருவரில் ஒருத்தி தானாகப் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். மற்றவன் இன்றும் கேட்கிறான், படிப்பதில்லை.