மேல் முதல் பிரீமோலார்: வலதா, இடதா?

"ஸ்பாட்டர்ல மேக்சிலரி ஃபர்ஸ்ட் பிரீமோலார் வந்தா வலது, இடது மாறிடுது. படத்துலயும் மார்க் குறையுது."

முதலில் மீசியல் பக்கத்தைக் கண்டுபிடிங்க. வேர் மேலே, பக்கல் பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடிங்க. மீசியல் உங்க வலப்பக்கம் வந்தா அது 14, இடப்பக்கம் வந்தா 24.

மீசியலுக்கு நம்பகமான அடையாளம், கிரௌனிலிருந்து செர்விகல் கோட்டைத் தாண்டி வேர் வரை இறங்கும் குழிவு. விரல் நுனியால தடவினாலே தெரியும். அதே பக்கத்து மார்ஜினல் ரிட்ஜைக் குறுக்கே வெட்டி ஒரு குரூவ் இறங்கும். பேலட்டல் கஸ்ப் மீசியல் பக்கம் தள்ளி நிற்கும்தான், ஆனா பிடுங்கிய பல்லில் கஸ்ப் தேய்ந்திருந்தா அதை மட்டும் நம்பாதீங்க, வேர்க் குழிவைப் பாருங்க.

படத்தில் மார்க் போறது பெரும்பாலும் பக்கல் வியூவில். கேனைன் வரைந்த பழக்கத்தில் டிஸ்டல் சரிவை நீளமா போட்டுடுவாங்க. இந்தப் பல்லில் தலைகீழ்: மீசியல் சரிவுதான் நீளம், அதனால கஸ்ப் நுனி நடுவிலிருந்து சற்று டிஸ்டல் பக்கம் விழணும்.

ஐந்து மடங்கு அளவில்னா முதலில் 35 மி.மீ. அகலம், 42.5 மி.மீ. உயரத்தில் கிரௌனுக்குப் பெட்டி போடுங்க (நிஜ அளவு சுமார் 7, 8.5). வேருக்காக அந்தப் பெட்டிக்கு மேலே 70 மி.மீ. விடுங்க. செர்விகல் பகுதியை 25க்குக் குறுக்கணும். அங்கே அகலமா விட்டா மோலார் மாதிரி ஆயிடும்.