மிச்சம் காட்டும் பட்ஜெட்டில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி: சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்தின் நிதிக் குழுவில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். 96 வீடுகள், மாதப் பராமரிப்பு 3,500 ரூபாய். அடுத்த வருட வரைவு பட்ஜெட்டில் வரவு 40,32,000, செலவு 39,90,000 என்று போட்டு 42,000 மிச்சம் காட்டுகிறார்கள். ஒப்புதல் கொடுக்கும் முன் என்னென்ன கேட்க வேண்டும்?

பதில்: எல்லாரும் செலவுப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டுவார்கள். நீங்கள் வரவில் ஆரம்பியுங்கள். 96 வீடும் 12 மாதமும் பாக்கியில்லாமல் கட்டினால் வருகிற தொகைதான் அந்த 40,32,000. எனவே முதல் கேள்வி: போன வருடம் கேட்டது எவ்வளவு, அந்த வருடத்துக்கென்று கைக்கு வந்தது எவ்வளவு? பழைய பாக்கி வசூலைத் தனியாகப் பிரித்துத் தரச் சொல்லுங்கள். அது இதில் கலந்தால் கணக்கு நன்றாக இருப்பது போலத் தெரியும்.

நூற்றுக்கு 92 ரூபாய் வசூலானதாக வைத்துக்கொள்வோம். அப்படியானால் வரவு சுமார் 37,09,000தான். 42,000 மிச்சம் போய், ஏறத்தாழ 2,81,000 பற்றாக்குறை நிற்கும். செலவில் ஒரு பைசாகூட ஏறாமலே இந்த நிலை.

அப்புறம் இந்தப் பள்ளத்தை அடைக்க வரவில் 'கார்ப்பஸ் நிதியிலிருந்து மாற்றம்' என்று ஒரு வரியைச் சேர்க்கப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். லிஃப்ட் மாற்றவும் பெயின்ட் அடிக்கவும் சேர்த்த பணம் அது. அதை எடுத்து வாட்ச்மேன் சம்பளம் கொடுத்தால், லிஃப்ட் நிற்கும் நாளில் வீடு வீடாகப் பணம் கேட்க வேண்டிவரும். எனக்கு இதில் சமரசமே கிடையாது.

செலவில் இரண்டு வரிகளை மட்டும் தோண்டினால் போதும். ஒன்று, தண்ணீர் லாரி. "இந்தத் தொகை எந்த மாதங்களின் பில்லை வைத்துப் போட்டது?" என்று கேளுங்கள். ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை ஆன செலவை இரண்டால் பெருக்கியிருந்தால் தப்பு. நடுவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை நமக்கு மழைக்காலம், கிணறும் போரும் கைகொடுக்கும். மாதத்துக்கு 10 லோடு வாங்கிய இடத்தில் மே மாதம் 40 லோடு ஆகலாம். மாதவாரியாக லோடு எண்ணிக்கையை வாங்கி, ஏப்ரல், மே, ஜூனைத் தனியாகப் பாருங்கள்.

இன்னொன்று, செக்யூரிட்டி. தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தின் அகவிலைப்படி ஏப்ரல் 1 முதல் மாறும். ஏஜென்சி அதை பில்லில் ஏற்றும். வரைவில் போன வருடத் தொகையே இருந்தால், முதல் மாதத்திலேயே இடிக்கும்.

பற்றாக்குறை தெரிந்ததும் "மாதம் 250 ரூபாய் கூட்டிவிடலாமே" என்பார்கள். அதே 92 சதவீத வசூலில் வருடத்துக்கு சுமார் 2,65,000தான் கிடைக்கும், பள்ளம் முழுசாக அடையாது. ஒழுங்காகக் கட்டுகிறவர்களுக்கே சுமையும் ஏறும். சரி, அதற்கு முன் ஒரு பட்டியல் கேளுங்கள்: எந்தெந்த வீடு, எத்தனை மாதப் பாக்கி, கடைசியாக எப்போது கடிதம் போனது.