பெங்களூரா, சொந்த ஊரா? சின்ன மென்பொருள் கம்பெனி தொடங்குபவர்களின் கேள்விகள்

"அண்ணா, நாங்கள் மூன்று பேர், மூவருக்கும் அம்பாசமுத்திரம் பக்கம். பெங்களூரில் வேலை பார்க்கிறோம். கையில் 18 லட்சம் இருக்கிறது. அபார்ட்மென்ட் சங்கங்களுக்கு மெயின்டனன்ஸ் வசூல், கணக்கு பார்க்கிற ஆப் எழுதுகிறோம். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா?"

தம்பி, நீங்கள் அனுப்பிய செலவுக் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். பெங்களூரில் இருந்தால் ஆளுக்கு 35,000 வீதம் உங்கள் மூவர் பிழைப்புக்கு மாதம் 1,05,000. உட்கார இடம் 24,000, ஒரு ஜூனியர் சம்பளம் 35,000, சர்வர், ஆடிட்டர் வகையில் 10,000. ஆக 1,74,000. வீட்டு அட்வான்ஸ் ஒன்றரை லட்சம் போக மீதி ஒன்பதரை மாதம் வரும்.

ஊரில் அப்பா அம்மாவோடு இருந்தால் ஆளுக்கு 10,000 போதும் என்கிறீர்கள். மாடி அறை வாடகை 8,000, இரண்டு நெட் லைனும் கரண்டும் 5,000, ஜூனியர் 22,000, சர்வர் செலவு அதே 10,000, பெங்களூர் போய்வர 15,000. ஆக 90,000. பேட்டரி, மேஜை நாற்காலிக்கு ஒரு லட்சம் ஒதுக்கினாலும் கிட்டத்தட்ட 19 மாதம்.

இதைப் பார்த்துவிட்டு உடனே மூட்டை கட்டிவிடாதீர்கள். உங்கள் ஆப்பை வாங்கப் போகிறவர் அம்பாசமுத்திரத்தில் இல்லை. அபார்ட்மென்ட் சங்கத்தில் முடிவெடுப்பது கமிட்டி. அது ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப் ஹவுஸில் கூடும். அங்கே பொருளாளர் பக்கத்தில் உட்கார்ந்து, பாக்கி வைத்திருக்கும் வீடுகளின் பட்டியலை அவர் எக்செல்லிலிருந்து உங்கள் ஆப்பில் ஏற்றிக் காட்டினால்தான் பேச்சு நகரும். பல சங்கங்களில் கமிட்டி வருடா வருடம் மாறும். கணக்கு ஏப்ரலில் புதிதாகத் தொடங்கும். அதற்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்களைத் தவறவிட்டால் பெரும்பாலும் "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்பார்கள். ஊரிலிருந்து போனில் பேசி இதை நடத்தினால், மிச்சப்படுத்திய ஒன்பது மாதமும் காத்திருப்பதிலேயே கரைந்துவிடும்.

ஆகவே ஒருவர் பெங்களூரில் இருக்கட்டும், இருவர் ஊருக்குப் போகட்டும். பெங்களூரில் இருப்பவருக்கு மாதம் 25,000 கூடுதலாக ஆகும், போய்வரும் செலவில் 10,000 குறையும். மாதம் 1,05,000 என்றால் 16 மாதம் தாங்கும். காசு கட்டும் சங்கங்கள் இருபது சேரும்வரை இப்படியே ஓட்டுங்கள்.

"ஊரில் ஆபீஸ் வாடகை கால்வாசிதானே? அப்படியென்றால் மொத்தச் செலவும் கால்வாசியாகிவிடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?"

வாடகை குறைவு என்பது சரிதான். ஆனால் மேலே உள்ள கணக்கிலேயே பாருங்கள், இடத்துக்கான செலவில் குறைந்தது 16,000. மூவரின் சொந்தச் செலவில் குறைந்தது 75,000. ஊர் தருகிற லாபம் அப்பா வீட்டுச் சாப்பாட்டிலும் படுக்கையிலும்தான் இருக்கிறது. திருமணமாகி, குழந்தையைப் பள்ளியில் சேர்த்து, வீட்டுக்கடன் கட்டுகிறவருக்கு ஊருக்கு வந்தாலும் இந்த 75,000 இறங்காது. அவர் தன் வீட்டுச் செலவை எழுதிப் பார்த்த பிறகு ஆபீஸ் வாடகைக்கு வரட்டும்.

நல்ல டெவலப்பரின் சம்பளமும் ஊர் வாடகை மாதிரி இறங்காது. வீட்டிலிருந்தே சென்னைக் கம்பெனிக்கு வேலை பார்க்க முடிகிறவர் சென்னைச் சம்பளத்தைத்தான் கேட்பார்.

"நீங்கள் ஏன் சார் பாளையங்கோட்டைக்கு வந்தீர்கள்? பெங்களூரில் நன்றாகத்தானே இருந்தீர்கள்?"

என் கஸ்டமர் இங்கே இருந்தார், அதனால் வந்தேன். நான் செய்வது லாரி புக்கிங் ஆபீஸ்களுக்கான மென்பொருள். முதல் வடிவத்தை பெங்களூரில் உட்கார்ந்துதான் எழுதினேன். எல்.ஆர். என்கிற லாரி ரசீது போடும் திரையில் வண்டி நம்பர் கட்டாயம், அது இல்லாமல் சேவ் ஆகாது. எனக்கு அது ஒழுங்காகத்தான் தெரிந்தது.

ஊருக்கு வந்து ஒரு புக்கிங் ஆபீஸில் சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் உட்கார்ந்தேன். பெட்டிகள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கின்றன. கிளார்க் கார்பன் வைத்து எல்.ஆர். எழுதுகிறார். ஒன்றிலும் வண்டி நம்பர் இல்லை. எந்த லாரி என்பது ஒன்பது மணிக்கு மேல்தான் முடிவாகும். அதன் பிறகு எல்.ஆர். கட்டை எடுத்து எல்லாவற்றிலும் ஒரே மூச்சில் நம்பரை எழுதினார். சரக்கு அனுப்ப ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் இ-வே பில்லிலும் அதனால்தான் சரக்கு விவரம் பகுதி ஏ, வண்டி விவரம் பகுதி பி என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தப் படிவத்தை நான் நூறு தடவை பார்த்திருப்பேன், காரணம் புரிந்தது அன்றைக்குத்தான். மறுநாளே "இந்தக் கட்டு முழுவதும் இந்த வண்டி" என்று ஒரு பொத்தான் வைத்தேன். அதற்கப்புறம்தான் அந்த ஆபீஸ் காசு கொடுத்தது.

கரூரில் ஜவுளிக்கோ, சிவகாசியில் அச்சகத்துக்கோ, திருப்பூரில் பனியன் கம்பெனிக்கோ எழுதுகிறவர் பெங்களூரில் உட்கார்ந்தால் இந்த மாதிரிச் சாயங்காலங்களை இழக்கிறார்.

"அண்ணா, நான் காரைக்குடி. இங்கே அனுபவமுள்ள ஆள் கிடைப்பார்களா? விளம்பரம் போட்டால் ஃப்ரெஷர் மட்டும்தான் வருகிறார்கள்."

விளம்பரத்துக்கு அப்படித்தான் வருவார்கள் அம்மா. அனுபவமுள்ளவர்கள் ஊரில் இருக்கிறார்கள், ஆனால் வேலை தேடுகிறவர்கள் என்ற கணக்கில் இல்லை. என்னிடம் இருக்கும் நான்கு பேரில் இருவர், சென்னையில் ஆறேழு வருடம் வேலை பார்த்து, கல்யாணத்துக்கும் குழந்தைக்கும் அப்புறம் இங்கே வந்த பெண்கள். ஒருவரைப் பற்றிச் சொன்னது எங்கள் தெரு மெடிக்கல்காரர். பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் ஒன்பதரையிலிருந்து மூன்றரை வரை ஆபீஸ், மீதி இரண்டு மணி நேரம் ராத்திரி வீட்டிலிருந்து. இந்த நேரத்துக்கு ஒத்துக்கொண்டால், நகரத்தில் நான் சம்பளம் கொடுத்து எடுத்திருக்கவே முடியாத அனுபவம் கிடைக்கிறது.

ஃப்ரெஷர்களுக்குக் கற்றுக்கொடுக்க ஆறு மாதம் ஆகும். ஒன்றரை வருடத்தில் பலர் சென்னைக்குப் போவார்கள். அந்த வயதில் நாமும் போனோம், வருத்தப்பட ஒன்றுமில்லை. எந்தப் பகுதியின் கோடிங்கும் ஒரே ஆளின் தலைக்குள் மட்டும் இருக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் பிடிப்பதற்கு முன்னால் "நீங்கள் ஆரம்பித்தால் வருகிறேன்" என்று சொல்லும் இரண்டு பேரையாவது தேடிவிடுங்கள். இரண்டு மாதம் தேடியும் ஒருவர்கூட அகப்படவில்லை என்றால் மதுரையையோ திருச்சியையோ பாருங்கள்.

தென்காசியில் ஜோஹோ 2011 முதல் நடக்கிறதே என்று எல்லோரும் என்னிடம் சொல்கிறார்கள். அது உண்மை, எனக்கும் பெருமைதான். ஆனால் அவர்கள் வேறு இடத்தில் பல வருடம் சம்பாதித்த பிறகு அங்கே வந்தவர்கள். ஆளைப் பயிற்றுவித்துக் காத்திருக்க அவர்களால் முடியும். 18 லட்சத்தோடு வருகிறவர் அதை உதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

"நான் கம்பெனி செக்ரட்டரி. கேள்வி இல்லை, ஒரு விஷயம் சேர்க்கிறேன். பதிவு அலுவலகத்தை அவசரப்பட்டு பெங்களூர் முகவரியில் போடாதீர்கள். பிறகு தமிழ்நாட்டுக்கு மாற்ற சிறப்புத் தீர்மானம், பத்திரிகை விளம்பரம், மண்டல இயக்குநர் ஒப்புதல் என்று மாதக்கணக்கில் இழுக்கும்."

நன்றி சார், இதை யாரும் சொல்வதில்லை. ஊரில் அப்பா பெயரில் இருக்கும் வீட்டையே பதிவு அலுவலகமாகக் காட்டலாம். இரண்டு மாதத்துக்குள் வந்த கரண்ட் பில்லும், அவர் சம்மதக் கடிதமும் போதும். அப்புறம் பெங்களூரில் நிரந்தரமாக ஒரு ஆபீஸ் திறந்தால் கர்நாடகத்தில் தனி ஜிஎஸ்டி பதிவு வேண்டியிருக்கும். அம்பாசமுத்திரத் தம்பிகள் அதை முன்கூட்டியே ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

"கோயம்புத்தூரில் எனக்கு மெயின் ரோட்டில் இடம் இருக்கிறது. கம்ப்யூட்டர் சென்டர் வைத்தால் ஓடுமா?"

ஐயா, அது வேறு தொழில். தெருவில் போகிறவர்கள் உள்ளே வருவதை நம்பி நடப்பது. நாங்கள் பேசுவதற்கு மெயின் ரோடு தேவையே இல்லை. அந்தத் தொழில் நடத்துகிறவரிடம் கேட்பதுதான் நல்லது.

"கரண்டும் நெட்டும் ஊரில் நம்ப முடியுமா?"

மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒரு நாள் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை கரண்ட் இருக்காது. ஐந்து லேப்டாப், இரண்டு ஃபேன், நெட் பெட்டி எல்லாம் சேர்ந்து 400 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். 150 ஏ.எச். பேட்டரி ஒன்று வைத்தால் மூன்று மணி நேரத்தில் படுத்துவிடும். இரண்டு வையுங்கள். அந்த நாளைக் கஸ்டமரைப் பார்க்கப் போகும் நாளாகவும் வைத்துக்கொள்ளலாம், நான் அப்படித்தான் செய்கிறேன்.

நெட்டில் நான் ஏமாந்தேன். இரண்டு கம்பெனி லைன் வாங்கி நிம்மதியாக இருந்தேன். ரோடு அகலப்படுத்த வந்த ஜேசிபி ஒரே ஒரு கம்பத்தைச் சாய்த்தது, இரண்டும் போனது. இரண்டு வயரும் அதே கம்பத்தில்தான் வந்திருக்கின்றன. லைன் போட வருகிறவரோடு நடந்துபோய், எந்தக் கம்பத்திலிருந்து எடுக்கிறார் என்று கண்ணால் பாருங்கள்.

"மதுரையில் இரண்டு வருடம் நடத்தி மூடிவிட்டேன். இன்வெஸ்டர் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஊர்தான் காரணம். மற்றவர்களுக்கு ஆசை காட்டாதீர்கள்."

உங்கள் வலி புரிகிறது. உங்கள் கஸ்டமர்கள் மும்பையில் இருந்தார்கள் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். பெங்களூரில் இருந்திருந்தாலும் அந்தத் தூரம் இருந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நீங்கள் சொல்வதில் ஒன்றை நான் மறுக்க மாட்டேன். அரைகுறையாக இருக்கும் ஒரு பொருளைக் காட்டி, "இதில் எது தப்பு" என்று கேட்க நகரத்தில் பக்கத்து மேஜையில் ஆள் இருப்பார். ஊரில் அந்த ஆள் இல்லை. தமிழக அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் மதுரையிலும் நெல்லையிலும் மையம் வைத்திருக்கிறது, டான்சீட் திட்டத்தில் ஆரம்பநிலை கம்பெனிகளுக்கு நிதி தருகிறார்கள், விண்ணப்பித்துப் பார்க்கலாம். ஆனால் முதல் விற்பனைக்கு முன்னாலேயே கோடிகள் தேவைப்படும் பொருள் என்றால் நானும் நகரத்திலேயே இருங்கள் என்றுதான் சொல்வேன்.

"அண்ணா, அம்பாசமுத்திரம் தம்பிதான் மறுபடி. மூவரில் யார் பெங்களூரில் இருப்பது? கோடிங் நன்றாக எழுதுகிறவரை அங்கே விடலாமா?"

வேண்டாம், அவரை ஊருக்கு அனுப்புங்கள். கன்னடம் பேசத் தெரிந்தவர் யாரோ அவர் அங்கே இருக்கட்டும். பொருளாளர் ஆங்கிலத்தில் பேசுவார், கேட்டில் இருக்கும் செக்யூரிட்டியும் மேனேஜரும் பல இடங்களில் கன்னடத்தில்தான் பேசுவார்கள். அவர்களிடம் பேசத் தெரியாவிட்டால் கமிட்டிவரை போக முடியாது. மாதம் ஒரு தடவை ஊரிலிருப்பவர்களில் ஒருவர் போய்வாருங்கள். திரும்பும்போது பெங்களூரில் மைசூர் தூத்துக்குடி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் மணியாச்சியில் இறங்கிவிடலாம்.