ஒன்றரை ஷிப்ட் கூலி சட்டப்படி சரியா?

"திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. காலை 8.30 முதல் மாலை 5.30 வரை ஒரு ஷிப்ட், 450 ரூபாய். தினமும் இரவு 9.30 வரை நின்றால் அரை ஷிப்ட் சேர்த்துத் தருகிறார்கள். இது சரியா?"

சரியில்லை. உங்களுக்கு வரவேண்டியது ஒன்றரை ஷிப்ட் அல்ல, ரெண்டு ஷிப்ட்.

சாப்பாட்டு நேரம் போக ஒரு ஷிப்ட் என்பது 8 மணி நேர வேலை. 450ஐ 8ஆல் வகுத்தால் மணிக்கு 56 ரூபாய் 25 காசு. அதற்கு மேல் நீங்கள் நிற்கும் 4 மணி நேரம் ஓவர்டைம். ஓவர்டைமுக்கு இரண்டு மடங்கு கூலி என்று 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 59ஆம் பிரிவிலேயே இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளிலும் அது அப்படியே இருக்கிறது. ஆக மணிக்கு 112 ரூபாய் 50 காசு, 4 மணி நேரத்துக்கு 450. கம்பெனி தருவதோ 225. பழைய சட்டத்தில் ஒரு நாளைக்கு 9 மணி நேரம் தாண்டினால் ஓவர்டைம் என்று இருந்ததால், அந்த ஒரு மணி நேரத்தைக் கழிக்கப் பார்ப்பார்கள். வாரம் 48 மணி தாண்டினாலும் ஓவர்டைம்தான் என்பதைச் சொல்ல மாட்டார்கள். இப்போது நாளுக்கே 8 மணிதான்.

நான் ஓவர்லாக் டைலராக இருந்தபோது சனிக்கிழமை சம்பளக் கவரில் பேனாவால் "9 ஷிப்ட்" என்று எழுதி, கீழே தொகையைப் போட்டுத் தருவார்கள். எல்லோரும் பணத்தை எண்ணிவிட்டுக் கவரைக் கசக்கிப் போட்டுவிடுவோம். பக்கத்து மிஷின் அக்கா மட்டும் ஒவ்வொரு கவரையும் டிபன் பைக்குள் பத்திரப்படுத்துவார். "எதுக்குக்கா இது?" என்று கேட்டதற்கு, "வாரத்துக்கு ஆறு நாள்தானே கண்ணு, ஒன்பது ஷிப்ட் எங்கிருந்து வந்துச்சுன்னு அவங்களே எழுதிக் குடுக்கறாங்க பாரு" என்றார்.

அந்தக் கவர்தான் எங்களுக்குச் சாட்சியானது. 9 ஷிப்ட் என்றால் 72 மணி நேரம். ஓவர்டைமையும் சேர்த்தே வாரத்துக்கு 60 மணிதான் என்று பழைய சட்டம் வரம்பு போட்டிருந்தது. அதனால்தான் பையர் ஆடிட் வரும்போது காட்டும் ரிஜிஸ்டரில் எங்கள் பெயருக்கு நேரே இந்த ராத்திரி நேரமே இருக்காது. நாங்கள் சேர்ந்து கையெழுத்துப் போட்டுத் தொழிலாளர் துறையில் மனு கொடுத்தோம். விசாரணைக்கு முன்பே கம்பெனியில் கூப்பிட்டுப் பேசினார்கள். கவர் இருந்த வாரங்களுக்கு மட்டும் வித்தியாசத் தொகை கிடைத்தது. எனக்குக் கொஞ்சம்தான். அக்காவுக்கு நல்ல தொகை.

"தொழிலாளிகளே ஒன்றரை ஷிப்ட் கேட்டு வாங்குகிறார்கள், பிறகென்ன?" என்று இங்கே ஒருவர் கட்டாயம் எழுதுவார். கேட்கிறோம்தான். ஒரு ஷிப்ட் கூலியில் லைன் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் ஸ்கூல் பீஸும் கட்ட முடியாது என்பதால் கேட்கிறோம். சம்மதித்தாலும், எழுதியே கொடுத்தாலும், சட்டம் தரும் கூலியை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது. முதலாளிகள் எல்லோரும் மோசம் என்றும் நான் சொல்லவில்லை. இரட்டிப்புக் கூலி தரும் கம்பெனியும் இந்த ஊரில் உண்டு. ஆனால் "டாலர் சிட்டி" என்று ஊரைப் பற்றிப் பெருமையாக எழுதுகிறவர்கள், காலை ஆறு மணிக்குச் சமைத்து வைத்துவிட்டுக் கிளம்பும் பெண்கள் ராத்திரி எந்த பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறார்கள் என்று ஒருநாளும் கேட்பதில்லை. அது எனக்கு ஆறவே இல்லை.

இன்னொன்று. அந்த 450 ரூபாயையும் சரிபாருங்கள். ஒவ்வொரு வேலைக்கும் அரசு குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்கிறது. தமிழ்நாட்டில் அதன் அகவிலைப்படி ஆண்டுதோறும் ஏப்ரல் 1 அன்று மாறும். அடிப்படைக் கூலியும் அகவிலைப்படியும் சேர்ந்த மாதத் தொகையை 26ஆல் வகுத்தால் நாள் கூலி வரும். உங்கள் ஷிப்ட் கூலி அதற்குக் கீழே இருந்தால் அந்த வித்தியாசமும் பாக்கி, இரட்டிப்பையும் அந்தக் கூடுதல் தொகையிலிருந்துதான் கணக்கிட வேண்டும். ஆள் குறைவான பவர் டேபிள் யூனிட் என்றாலும் இது பொருந்தும். 20 பேருக்குக் கீழே என்றால் மின்சாரத்தில் ஓடும் யூனிட்டைப் புதிய சட்டம் தொழிற்சாலையாக எண்ணாது. ஆனால் ஊதியச் சட்டத்தின் இரட்டிப்புக் கூலி விதி அங்கேயும் உண்டு.

பழைய குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தில் 6 மாதத்துக்குள் கேட்க வேண்டியிருந்தது, இப்போது 3 ஆண்டு வரை கேட்கலாம். கூலி கொடுத்ததை நிரூபிக்கும் பொறுப்பும் முதலாளியுடையது. இன்றைக்கே ஒரு நோட்டில் தேதி, உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் எழுத ஆரம்பியுங்கள். வாரா வாரம் கவரைப் போட்டோ எடுத்து வையுங்கள். ஜிபேயில் சம்பளம் வந்தால் அந்த மெசேஜை அழிக்காதீர்கள். உங்கள் கணக்குப்படி, வாரம் ஆறு நாளும் இப்படி நின்றால் வரவேண்டியது 5,400 ரூபாய், தருவது 4,050.